சுருதி, அடிப்படை அதிர்வெண், உரப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரல் பதிவுகளை அளந்து பார்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் ஒரே குழப்பத்திலிருந்து கிளைப்பவை என்பதால் வரிசையாகப் படித்தால் எளிதாக இருக்கும். விளக்கத்துக்காக ஒரே குரலைத்தான் நெடுகிலும் எடுத்துக்கொள்கிறேன்: ஓர் ஆண் ‘ஆ’ என்று அரை வினாடி நீட்டிச் சொன்ன பதிவு.

சுருதியும் அடிப்படை அதிர்வெண்ணும் ஒன்றுதானே? பள்ளியில் அப்படித்தானே படித்தோம்?

இல்லை. அடிப்படை அதிர்வெண் ஒலியில் இருக்கிறது. சுருதி கேட்பவரிடம் இருக்கிறது. குரல்நாண்கள் வினாடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகின்றன என்று எண்ணினால் கிடைப்பது அடிப்படை அதிர்வெண். யாரும் கேட்காவிட்டாலும் அந்த எண் உண்டு. கருவி ஒன்றே அதை அளந்துவிடும். அந்த ஒலியைக் கேட்டவர் ‘உயர்ந்திருக்கிறது’, ‘தாழ்ந்திருக்கிறது’ என்று எந்த இடத்தில் வைக்கிறாரோ அது சுருதி. அதை அளக்க மனிதர் ஒருவர் வேண்டும். ‘இந்த ஒலிக்கு இணையாகக் கேட்கும்வரை, ஒற்றை அதிர்வெண் மட்டுமே கொண்ட இந்தத் தூய தொனியைத் திருகிச் சரிசெய்யுங்கள்’ என்று அவரிடம் கொடுத்து, அவர் நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொள்வதுதான் வழி.

பள்ளியில் படித்தது பிழை என்று சொல்ல மாட்டேன். இசைக்கவையின் ஒலிக்கும் நீட்டிச் சொன்ன உயிரெழுத்துக்கும் இரண்டும் ஒத்தே போகும். ஒத்துப்போகாத இடங்கள் வரும்போதுதான் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் எதற்கு என்பது புரியும்.

மென்பொருளை நம்பாமல் அடிப்படை அதிர்வெண்ணை நானே கையால் கணக்கிட முடியுமா?

முடியும். ஒருமுறையாவது செய்து பாருங்கள். அதன்பிறகு மென்பொருள் காட்டும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டீர்கள்.

நம் ‘ஆ’ பதிவைத் திறந்து, அலைவடிவத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்குங்கள். ஒரே மாதிரியான வடிவம் மீண்டும் மீண்டும் வருவது தெரியும். ஒவ்வொரு வடிவத்திலும் ஓர் உயரமான முகடு இருக்கும். அதன் பின்னே சிறு சிறு நெளிவுகள் தேய்ந்துகொண்டே போகும். உயரமான முகடு ஒன்றில் தொடங்கி, அதையும் சேர்த்து எண்ணிப் பதினோராவது உயர முகடு வரை தேர்ந்தெடுங்கள். இந்தப் பதிவில் அந்த நீளம் 84 மில்லிவினாடி. பதினொரு முகடுகளுக்கு இடையே பத்து அலைவுகள். எனவே ஓர் அலைவுக்கு 8.4 மில்லிவினாடி. 1-ஐ 0.0084-ஆல் வகுத்தால் 119 ஹெர்ட்ஸ்.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது, பத்தாவது முகட்டிலேயே நிறுத்திவிட்டு, ‘பத்து முகடு, பத்து அலைவு’ என்று வகுப்பது. உண்மையில் அங்கே ஒன்பது அலைவுகளே இருக்கின்றன; நீளம் 75.6 மில்லிவினாடி. அதைப் பத்தால் வகுத்தால் விடை 132 ஹெர்ட்ஸ் என்று வரும். இரண்டாவது, சிறு நெளிவுகளையும் சேர்த்து எண்ணிவிடுவது. ‘ஆ’ சொல்லும்போது வாய் அறை ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதால், ஓர் அலைவுக்குள் ஆறு நெளிவுகள் வரை தெரியும். அவற்றை எண்ணினால் வாயின் அளவு கிடைக்கும், குரல்நாணின் அளவு கிடைக்காது.

பத்து அலைவுகளைச் சேர்த்து அளக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சுட்டியை வைக்கும்போது 0.2 மில்லிவினாடி பிசகுவது சாதாரணம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் அந்தப் பிசகு விடையை 116-க்கும் 122-க்கும் இடையே அலைக்கழிக்கும். பத்து அலைவுகளில் அதே பிசகு அரை ஹெர்ட்ஸைக்கூடத் தொடாது.

வாக்கியத்தின் நடுவில் மென்பொருள் திடீரென்று 60 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. காதுக்குக் குரல் தாழ்ந்ததாகவே தெரியவில்லை. எது சரி?

பெரும்பாலும் காதுதான் சரி. 119-இல் பாதி ஏறக்குறைய 60 என்பதைக் கவனியுங்கள்.

பெரும்பாலான மென்பொருள்கள் அலைவடிவத்தை அதன் மீதே சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்து, எவ்வளவு தள்ளினால் மறுபடி பொருந்துகிறது என்று தேடுகின்றன. நம் குரல் 8.4 மில்லிவினாடி தள்ளினால் பொருந்தும். ஆனால் 16.8 தள்ளினாலும் அதே அளவு பொருந்துமே! அடுத்தடுத்த அலைவுகள் சற்று ஏற்றத்தாழ்வாக இருந்தால், ஒன்று விட்டு ஒன்றைப் பொருத்துவதே மென்பொருளுக்கு மேலாகப் படும். உடனே பாதி எண்ணைக் காட்டிவிடும். இதற்கு எதிர்ப்பிழையும் உண்டு. அடிப்படைக்கு இரு மடங்கில் உள்ள கூறு மிக வலுவாக இருந்தால், மென்பொருள் இரட்டை எண்ணைக் காட்டும்.

கண்டுபிடிப்பது எளிது. கோடு ஒரே தாவலில் சரிபாதிக்கோ இரு மடங்குக்கோ போய், சற்று நேரத்தில் அதே போலத் திரும்பி வந்தால் அது பிழையாகவே இருக்கும். பேசும் குரல் நூறில் ஒரு வினாடிக்குள் முழு ஸ்தாயி இறங்கி ஏறுவதில்லை. ஐயம் இருந்தால் அந்த இடத்தின் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, மேலே சொன்னபடி கையால் அளந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் மூச்சு தளரும்போது பலருடைய குரல் கரகரத்து நொறுங்கும். அங்கே குரல்நாண்கள் உண்மையிலேயே ஒரு நீள அலைவு, ஒரு குறு அலைவு என்று மாறி மாறி அதிரக்கூடும். அப்போது 60 என்பது பிழையாகாது. குரல் அப்படித்தான் அதிர்ந்தது. கேட்பவரோ அதைத் தாழ்ந்த சுருதி என்று சொல்லாமல் ‘கரகரப்பு’ என்று சொல்லக்கூடும். அளவும் காதில் கேட்பதும் பிரியும் முதல் இடம் இது.

அந்தப் பிழையைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும்?

தேடும் எல்லையைப் பேசுபவருக்கு ஏற்றபடி குறுக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான Praat மென்பொருளைப் பலர் பயன்படுத்துவதால் அதையே சொல்கிறேன். ஆண்குரலுக்கு 75 முதல் 300 வரை, பெண்குரலுக்கு 100 முதல் 500 வரை என்பது வழக்கமான தொடக்கம். அதைவிட நல்ல முறை, இருமுறை அளப்பது. முதலில் அகன்ற எல்லையில் அளந்து, கிடைத்த எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, கால் பகுதி எல்லையில் உள்ள எண்ணையும் முக்கால் பகுதி எல்லையில் உள்ள எண்ணையும் பாருங்கள். முதலாவதை 0.75-ஆலும் இரண்டாவதை 1.5-ஆலும் பெருக்கினால் புதிய கீழெல்லையும் மேலெல்லையும் கிடைக்கும். நம் பேச்சாளரின் முழு உரையில் அவை 110, 134 என்று வந்தன. எனவே இரண்டாம் முறை:

```
To Pitch: 0, 82, 201
Get quantile: 0, 0, 0.50, "Hertz"
```

60 ஹெர்ட்ஸ் இப்போது எல்லைக்கு வெளியே போய்விட்டது. ஆனால் உற்சாகமாகப் பேசுபவர் உண்மையாகவே 201-ஐத் தாண்டினால் அதுவும் வெட்டப்படும். அத்தகைய பேச்சுக்கு மேலெல்லையைத் தாராளமாக விடுங்கள். இரண்டாம் வரி நடு எண்ணைக் கேட்கிறது. சராசரியை ஏன் கேட்கவில்லை என்றால், பாதியாகவும் இரட்டையாகவும் தப்பி வந்த ஓரிரு எண்கள்கூடச் சராசரியை இழுத்துவிடும். நடு எண் அவ்வளவு எளிதில் அசையாது.

பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது என்கிறார்கள். அப்படியானால் 119 ஹெர்ட்ஸ் ஆண்குரல் அதில் எப்படி ஆண்குரலாகவே கேட்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இந்தத் துறையின் உயிர்நாடியே இதில்தான் இருக்கிறது.

குரல் ஒற்றை அதிர்வெண் அன்று. 119, அதன் இரு மடங்கு 238, மும்மடங்கு 357, அடுத்து 476, 595 என்று முழுமடங்குகளின் அடுக்கு அது. இவற்றைச் சீரிசைகள் என்கிறோம். தொலைபேசியின் பட்டை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. எனவே முதல் இரண்டு சீரிசைகளும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. 357-இலிருந்து மேலே உள்ளவை மட்டும் போய்ச் சேருகின்றன. மறுமுனையில் வரும் ஒலியில் 119 ஹெர்ட்ஸில் ஆற்றலே இல்லை. குரல் மெலிந்து கேட்கும், கனம் இருக்காது. ஆனால் சுருதி இம்மியும் உயராது.

எஞ்சிய சீரிசைகள் எல்லாமே 119-இன் மடங்குகள். அவை கூடிய அலைவடிவம் இப்போதும் 8.4 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் திரும்ப வருகிறது. கேள்விப் புலன் அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு, இல்லாத அடிப்படையின் இடத்தில் சுருதியை வைக்கிறது. இதைப் பற்றிய சண்டை 1840-களிலேயே தொடங்கிவிட்டது. துளையிட்ட தட்டைச் சுழற்றி ஒலி எழுப்பிய ஸேபெக், அடிப்படை மிக மெலிந்திருந்தும் அதன் சுருதி தெளிவாகக் கேட்பதைக் கண்டார். மின்தடை விதியால் நாம் அறிந்த அதே ஓம், அது காதின் மயக்கம் என்று மறுத்தார். காதே உள்ளுக்குள் அந்தக் கீழ் அதிர்வெண்ணை உண்டாக்கிக்கொள்கிறது என்ற விளக்கம் பின்னர் நெடுங்காலம் நிலவியது. 1950-களில் லிக்லைடர் அதைச் சோதித்தார். அந்தக் கீழ்ப்பகுதியை இரைச்சலால் மூடிப் பார்த்தார். அங்கே ஏதேனும் உண்டாகியிருந்தால் அது மூழ்கிப்போயிருக்க வேண்டும். சுருதி அப்படியே கேட்டது.

அப்படியானால் சீரிசைகளுக்கு இடையே உள்ள இடைவெளிதானே சுருதி? 476-இலிருந்து 357-ஐக் கழித்தால் 119 வந்துவிடுகிறதே?

அப்படித்தான் தோன்றும். அதை உடைத்துக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1840, 2040, 2240 ஹெர்ட்ஸ் என்ற மூன்று தொனிகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்யுங்கள். இடைவெளி துல்லியமாக 200. சுருதி 200-இல் கேட்க வேண்டும். கேட்பவர்கள் பொருத்திக் காட்டுவதோ ஏறக்குறைய 204.

ஏன் 204? 2040-ஐப் பத்தாம் சீரிசையாக எடுத்துக்கொண்டால் அதன் அடிப்படை 204. 1840 ஒன்பதாவது என்றால் 204.4. 2240 பதினொன்றாவது என்றால் 203.6. மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. கேள்விப் புலன் தனக்குத் தெரிந்த சீரிசை அடுக்குகளில் எது இந்த மூன்றுக்கும் நெருங்கிப் பொருந்துகிறது என்று தேடி எடுத்ததுபோல இருக்கிறது.

இப்போது கணக்குப்படி இந்த ஒலியின் அடிப்படை அதிர்வெண் என்ன என்று பாருங்கள். மூன்று எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் 40. அலைவடிவம் முழுமையாகத் திரும்ப வருவது வினாடிக்கு 40 முறைதான். ஒரே ஒலிக்கு அடிப்படை அதிர்வெண் 40, இடைவெளி 200, சுருதி 204. ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் ஒலிக்கச் செய்துகாட்டுவது இதைத்தான்.

ஒருவர் குரல் 100-இலிருந்து 150-க்கும் இன்னொருவர் குரல் 200-இலிருந்து 250-க்கும் உயர்ந்தது. இருவரும் ஒரே அளவுதானே உயர்த்தினார்கள்?

ஹெர்ட்ஸில் ஆம், காதில் இல்லை. சுருதியின் ஏற்றத்தைக் காது விகிதமாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதப் படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஓர் அரைச்சுரம். அந்தக் கணக்கில் மாற்றினால் உண்மை தெரியும்:

```
12 * log2(150/100) = 7.02
12 * log2(250/200) = 3.86
```

முதலாமவர் ஏழு அரைச்சுரம் ஏறினார். இரண்டாமவர் நான்குகூட இல்லை. ஆண், பெண், குழந்தைக் குரல்களின் ஏற்ற இறக்கத்தை ஹெர்ட்ஸில் ஒப்பிடுவது எனக்குப் பெரும் வருத்தம் தரும் பழக்கம். நானே தொடக்கத்தில் அப்படி ஓர் அட்டவணை போட்டு, பெண்கள் குரலை மிக அதிகம் ஏற்றி இறக்குகிறார்கள் என்று எழுதிவிட்டேன். அரைச்சுரத்துக்கு மாற்றியதும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று.

கிசுகிசுக்கும்போது சுருதி உண்டா?

அடிப்படை அதிர்வெண் கிடையாது. குரல்நாண்கள் அதிரவே இல்லை, காற்று உரசும் இரைச்சல் மட்டுமே. மென்பொருள் அங்கே வெற்றிடத்தையே காட்ட வேண்டும். ஆனாலும் கிசுகிசுப்பில் ஒருவர் கேள்வி கேட்டால், ஏதோ ஏறுவது போலக் கேட்கும். வாய் அறையின் வடிவத்தை மாற்றி இரைச்சலின் நிறத்தை மேலே தள்ளுவதால் வரும் மயக்கமான சுருதி அது.

உரப்பை டெசிபலில் அளக்கிறோமே, அதில் என்ன சிக்கல்?

டெசிபல் அளப்பது காற்றழுத்தத்தின் மட்டத்தை. உரப்பு என்பது கேட்பவருக்கு எவ்வளவு உரத்துப் படுகிறது என்பது. 1000 ஹெர்ட்ஸ் தொனியை 40 டெசிபலில் ஒலிக்கச் செய்யுங்கள். அமைதியான அறையில் மெதுவாக, தெளிவாகக் கேட்கும். அதே 40 டெசிபலில் 100 ஹெர்ட்ஸ் தொனியை ஒலித்தால் பெரும் வித்தியாசம் தெரியும். அது மிகவும் மெலிந்தே கேட்கும். இரண்டும் சமமாக உரக்க வேண்டுமானால் 100 ஹெர்ட்ஸ் தொனியை ஏறக்குறைய 64 டெசிபலுக்கு ஏற்ற வேண்டும். இப்படிச் சமன்படும் புள்ளிகளை இணைத்த கோடுகளை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்டார்கள். இன்றைய பன்னாட்டுத் தரம் அவற்றைத் திருத்தி அமைத்ததுதான்.

மட்டம் உயர உயர இந்த இடைவெளி குறுகுகிறது. ஒலிபெருக்கியின் அளவைக் குறைத்ததும் கீழ்ச்சுரங்கள் முதலில் காணாமல் போவது அதனால்தான். கருவி எல்லா அதிர்வெண்ணையும் சமமாகத்தான் குறைத்தது. காதுக்குத்தான் கீழே உள்ளவை வேகமாக நழுவின.

சந்தையில் உள்ள ஒலிமட்டமானிகள் பலவற்றில் A என்ற திருத்தம் இருக்கும். அது 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலைக் கழித்துவிட்டு எண்ணைக் காட்டும். மெதுவான ஒலியில் காது நடந்துகொள்வதைப் பார்த்து அமைத்தது அது. மிக உரத்த ஒலியிலும் அதையே பயன்படுத்தினால் கீழ்ச்சுரங்களை அளவுக்கு மீறிக் குறைத்து மதிப்பிடும்.

போன், சோன் என்று இரண்டு அலகுகள் எதற்கு?

மேலே சொன்ன 100 ஹெர்ட்ஸ் தொனி, 40 டெசிபலில் உள்ள 1000 ஹெர்ட்ஸ் தொனிக்குச் சமமாகக் கேட்டதல்லவா? எனவே அதன் உரப்பு மட்டம் 40 போன். ஆனால் 80 போன் என்பது 40 போனைப் போல இரு மடங்கு உரத்ததா என்றால் இல்லை. ‘எத்தனை மடங்கு’ என்ற கேள்விக்குத்தான் சோன். 40 போன் என்பது ஒரு சோன். அதற்கு மேல் ஒவ்வொரு 10 போனுக்கும் உரப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். 50 போன் இரண்டு சோன், 60 போன் நான்கு, 80 போன் பதினாறு.

பலர் ஏமாறும் இடம் இங்கே இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு ஒலிமூலங்களைச் சேர்த்தால் ஆற்றல் இரட்டிக்கும், மட்டம் 3 டெசிபல் உயரும். ஆனால் உரப்பு ஏறக்குறைய 1.2 மடங்குதான் ஆகும். உரப்பு இரட்டிக்க ஏறத்தாழ பத்து மூலங்கள் வேண்டும். இதுவும் அவை ஒரே அதிர்வெண் பகுதியில் இருந்தால்தான். ஒன்று கீழே, ஒன்று மிக மேலே என்று தள்ளி இருந்தால் காது அவற்றைத் தனித்தனியாக வாங்கிக் கூட்டுவதால் இரண்டே மூலங்கள்கூட ஏறக்குறைய இரு மடங்கு உரப்பைத் தரும். மொத்த ஆற்றலை மட்டும் பார்க்கும் மானிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

என் பதிவைத் திறந்தால் மென்பொருள் ‘70 டெசிபல்’ என்கிறது. நான் 70 டெசிபலில் பேசினேன் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. மென்பொருள் கோப்பில் உள்ள எண்களைக் காற்றழுத்தமாகவே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுவிட்டது. ஒலிவாங்கியின் திருகை ஏற்றியிருந்தால் அதே பேச்சு 80 என்று வரும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் 15 செ.மீ. என்பது 30 ஆனாலே 6 டெசிபல் குறைந்துவிடும். கைபேசியிலோ மெதுவான பேச்சைத் தானே தூக்கி, உரத்த பேச்சைத் தானே அமுக்கும் வசதி வேறு இருக்கும். அது இயங்கினால் ஒரே பதிவுக்குள் உள்ள ஒப்பீடும் போய்விடும்.

உண்மையான எண் வேண்டுமென்றால் ஒலிவாங்கிக்கு அருகிலேயே ஒலிமட்டமானியை வைத்து, ஒரு நிலையான தொனியை ஒலிக்கச் செய்து, இரண்டும் காட்டும் வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மானி 66 காட்டும்போது மென்பொருள் 72 என்றால், அந்த அமர்வில் எல்லா எண்களிலிருந்தும் 6-ஐக் கழிக்க வேண்டும். திருகைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

உரக்கக் கத்தியதை மெதுவாக ஒலிபரப்பினாலும் கத்தல் என்று தெரிகிறதே, எப்படி?

கத்தும்போது மட்டம் மட்டும் உயர்வதில்லை. நுரையீரலின் அழுத்தமும் குரல்நாண்களின் இறுக்கமும் கூடுவதால் அடிப்படை அதிர்வெண் ஏறும். நாண்கள் வெடுக்கென்று மூடுவதால் மேல் சீரிசைகள் வலுக்கும். அளவைக் குறைத்தாலும் இந்த இரண்டு தடயங்களும் அழியாது. ‘மெதுவாகக் கேட்கிறது, ஆனால் கத்துகிறார்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். முதலாவது உரப்பைப் பற்றிய தீர்ப்பு. இரண்டாவது பேசியவர் போட்ட பலத்தைப் பற்றியது. கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சோதனைகளில் எதைக் கேட்கிறோம் என்று சொல்லாமல் விட்டால், பாதிப் பேர் ஒன்றுக்கும் மீதிப் பேர் இன்னொன்றுக்கும் விடை எழுதிவிடுவார்கள்.

அப்படியானால் உரப்பு மாறினால் சுருதியும் மாறுமா?

தூய தொனியில் சற்று மாறும். அதிர்வெண்ணைத் தொடாமல் மட்டத்தை மட்டும் ஏற்றினால், தாழ்ந்த தொனிகள் இன்னும் சற்றுத் தாழ்வதாகவும் மிக உயர்ந்தவை சற்று ஏறுவதாகவும் கேட்பதை ஸ்டீவன்ஸ் 1935-இல் பதிவு செய்தார். ஆளுக்கு ஆள் அது வேறுபடும். சீரிசை அடுக்கு நிறைந்த குரலிலும் இசைக்கருவியிலும் இந்த நகர்வு மிகச் சிறியது. பேச்சை அளப்பவர் இதற்காகத் திருத்தம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஆய்வறிக்கையில் ‘சராசரிச் சுருதி 119 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருந்தேன். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி எழுதுவது?

கேட்பவர் எவரையும் வைத்து நீங்கள் சுருதியைப் பொருத்தவில்லை. அளந்தது அடிப்படை அதிர்வெண். எனவே இப்படி எழுதுங்கள்: ‘அடிப்படை அதிர்வெண்ணின் நடு எண் 119 ஹெர்ட்ஸ், தேடல் எல்லை 82 முதல் 201 ஹெர்ட்ஸ், கரகரத்த வாக்கிய இறுதிகள் விலக்கப்பட்டன, ஏற்ற இறக்கம் அரைச்சுரத்தில் தரப்பட்டுள்ளது.’ ஒலிமட்டத்துக்கு, ஒலிவாங்கியின் தூரத்தையும் அளவுத்திருத்தம் செய்த விதத்தையும் சேருங்கள். அளவுத்திருத்தம் செய்யவில்லை என்றால், அதே பதிவுக்குள் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் டெசிபலில் கொடுங்கள்.